மூன்று நாள் ஓவர்டைம், இரண்டு விதக் கணக்கு

ஆகஸ்ட் மாதச் சம்பளச் சீட்டில் ஒரு வரி: ஓவர்டைம் 13 மணி, 1,690 ரூபாய். கோவைப் பக்கத்து உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் சி.என்.சி. மிஷின் ஓட்டுகிற இளைஞர் அந்த வரியைப் பார்த்ததும் தன் பாக்கெட் டைரியை எடுக்கிறார். அதில் இருப்பது 20 மணி. மணிக்கு 200 ரூபாய் என்றால் 4,000 ரூபாய் வரவேண்டும். பாதிகூட வரவில்லை. அன்று இரவே செல்போனில் தட்டி மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறார்.

பணத்தைவிட அவரை உறுத்தியது வேறொன்று. ஓ.டி. பதிவேட்டில் ஆகஸ்ட் முதல் வாரத்துக்கு 6 மணி என்று போட்டிருக்கிறார்கள். அடுத்த வாரத்துக்கு 3 மணி. இரண்டு வாரமும் அவர் திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று நாள்தான் கூடுதலாக நின்றார். காலை 6 மணிக்குப் பஞ்ச், மாலை 4.30க்குப் பஞ்ச். ஒரு நிமிடம்கூடக் கூடக்குறைய இல்லை. "அதே மூணு நாள், அதே நேரம். ஒரு வாரம் ஆறு, இன்னொரு வாரம் மூணா? எப்படி மேடம்?" என்பது அவர் கேள்வி.

இப்படிப்பட்ட கேள்விக்கு வழக்கமாக வருகிற பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். "கம்பெனி பாலிசிப்படி ஓ.டி. சரியாகக் கணக்கிடப்பட்டுள்ளது" என்று ஒற்றை வரி, கீழே கையெழுத்து. கேட்டவர் அதை நண்பர்களிடம் காட்டுவார், டீக்கடையில் நாலு பேர் நாலு கணக்குப் போடுவார்கள், அடுத்த மாதம் ஷிஃப்ட் முழுக்க அந்தப் பேச்சாகவே இருக்கும். அந்த ஒற்றை வரிக்குப் பதிலாக, கணக்கைப் படிப்படியாக எழுதிக் காட்டினால் என்ன நடக்கும் என்று பார்ப்போம். ஆபரேட்டரும் தொழிற்சாலையும் இங்கே உதாரணத்துக்காக அமைத்துக்கொண்டவர்கள். சட்டப் பிரிவுகளும் 2025 ஆகஸ்டின் நாள்காட்டியும் நிஜம்.

மனிதவள அதிகாரியின் பதில் இப்படித் தொடங்குகிறது:

"வணக்கம். உங்கள் ஆகஸ்ட் சம்பளச் சீட்டு பற்றிய மின்னஞ்சல் கிடைத்தது. உங்கள் பஞ்ச் பதிவையும் எங்கள் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். மணிக்கணக்கில் நீங்கள் சொல்வது ஓரளவுக்குச் சரி. மணிக்கான ரூபாயில் தவறு எங்களுடையது. உங்களுக்கு இன்னும் 1,210 ரூபாய் சேரவேண்டும். எப்படி என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். ஏதாவது ஒரு படி சரியில்லை என்று தோன்றினால் அந்தப் படியைச் சுட்டிக்காட்டுங்கள்."

முடிவை முதலிலேயே சொல்லிவிட்டார். சம்பளம் பற்றிக் கேட்டவருக்கு முதல் பத்தியிலேயே 'எனக்கு வருமா, வராதா' என்பது தெரிந்தாக வேண்டும். அதைக் கடைசிப் பத்தியில் ஒளித்துவைத்தால் இடையில் உள்ள கணக்கை யாரும் நிதானமாகப் படிக்க மாட்டார்கள்.

அடுத்தது மணிக்கணக்கு. ஆபரேட்டரின் டைரி 20 மணிக்கு எப்படி வந்தது? கூடுதலாக நின்ற நாள்கள் மொத்தம் எட்டு: முதல் வாரம் மூன்று, இரண்டாம் வாரம் மூன்று, மூன்றாம் வாரம் இரண்டு. காலை 6 முதல் மாலை 4.30 வரை பத்தரை மணி நேரம். அதில் ஷிஃப்டின் 8 மணியைக் கழித்தால் இரண்டரை. எட்டு நாளுக்கு இரண்டரை என்றால் இருபது.

இதில் சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரம் உள்ளே புகுந்துவிட்டது. அவருடைய சாதாரண ஷிஃப்டே காலை 6 முதல் பிற்பகல் 2.30 வரை, அதாவது எட்டரை மணி நேரம். அந்த அரை மணியை ஓ.டி. என்று அவர் மற்ற நாள்களில் எழுதவில்லை. கூடுதலாக நின்ற நாளில் மட்டும் எழுதியிருக்கிறார். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இரண்டையும் தனித்தனியாக அளக்கிறது. வேலை நேரம் ஒன்று. உள்ளே நுழைந்தது முதல் வெளியேறுவது வரை இடைவேளையும் சேர்ந்த மொத்த நீட்சி இன்னொன்று. 56-வது பிரிவு அந்த நீட்சிக்கு ஒரு நாளில் பத்தரை மணி நேரம் என்று வரம்பு போடுகிறது. இந்தத் தொழிற்சாலை ஆபரேட்டரைச் சரியாக 4.30க்கு வெளியே அனுப்பியது கருணையால் அல்ல, இந்த வரம்பால்.

ஆனால் அதிகாரி இங்கே ஒரு கேள்வியையும் சேர்த்திருக்கிறார். "அந்த அரை மணியில் உங்களை மிஷினைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்களா? அப்படி எந்த நாளாவது நடந்திருந்தால் தேதியோடு எழுதுங்கள். அந்த அரை மணி இடைவேளை ஆகாது, வேலை நேரமாகச் சேரும்." இந்த வரி முக்கியமானது. பஞ்ச் மிஷினுக்கு ஆள் உள்ளே இருக்கிறாரா என்பதுதான் தெரியும், சாப்பிட்டாரா என்பது தெரியாது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் குறைந்தது அரை மணி ஓய்வு தரவேண்டும் என்பது 55-வது பிரிவு. ரிலீவர் வராததால் ஒரு கையில் டிபன் பாக்ஸும் மறு கையில் மிஷின் பட்டனுமாகக் கழிகிற அரை மணியை ஓய்வு என்று சாப்ட்வேர் தானாகக் கழித்துவிடும். பல தொழிற்சாலைகளில் ஓ.டி. கணக்கு பிசகுகிற முதல் இடம் இதுதான்.

நம் ஆபரேட்டருக்கு எட்டு நாளும் சாப்பாட்டு நேரம் ஒழுங்காகக் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் நான்கு மணி நேரம் கழிகிறது. இருபது, பதினாறாகிறது. ஆனால் சீட்டில் 13 மணிதானே இருக்கிறது? மீதி மூன்று மணி எங்கே போனது?

அவருடைய 'ஆறா, மூன்றா' கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் தரச் சொல்கிற 59-வது பிரிவு, ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் அல்லது ஒரு வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் என்று சொல்கிறது. இரண்டு வாசல்கள். ஏதாவது ஒரு வாசலைத் தாண்டினால் போதும். ஷிஃப்ட் 8 மணிதான் என்பதால் எட்டைத் தாண்டிய நிமிடமே டபுள் தொடங்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இந்தச் சட்டத்தின் நாள் கணக்கில் எட்டு வருவதில்லை, ஒன்பதுதான் வருகிறது. 1934 சட்டத்தில் வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்ததை 1946-இல் 48 ஆகக் குறைத்தபோதே இந்த ஒன்பதும் வந்தது. நாளுக்கு ஒன்பது மணியாக ஐந்து நாள் உழைத்தால் 45, சனிக்கிழமை மூன்று மணி, மொத்தம் 48. அரைநாள் சனிக்கிழமை வைத்திருக்கிற ஆலைக்கு இது வசதி. ஆறு நாளும் எட்டு மணி என்று வைத்திருக்கிற ஆலையில் இந்த ஒன்பதுதான் குழப்பத்தைக் கொண்டுவருகிறது.

அதிகாரியின் மின்னஞ்சல் அந்தக் குழப்பத்தை வாரவாரியாகப் பிரித்து வைக்கிறது:

"சட்டத்தில் வாரம் என்பது சனிக்கிழமை நள்ளிரவில் தொடங்கும் ஏழு நாள். ஆகஸ்ட் 3 முதல் 9 வரையான வாரத்தில் நீங்கள் மூன்று நாள் தலா 10 மணி, மூன்று நாள் தலா 8 மணி வேலை செய்தீர்கள். மொத்தம் 54. நாள் கணக்கில் ஒன்பதைத் தாண்டியது 3 மணி. வாரக் கணக்கில் 48-ஐத் தாண்டியது 6 மணி. எது அதிகமோ அதை எடுத்தோம்: 6 மணி.

"ஆகஸ்ட் 10 முதல் 16 வரையான வாரத்திலும் மூன்று நாள் 10 மணி. ஆனால் வெள்ளிக்கிழமை சுதந்திர தின விடுமுறை. ஆகவே 10, 10, 10, 8, விடுமுறை, 8. வேலை செய்தது 46 மணி. வாரக் கணக்கில் 48-ஐ எட்டவே இல்லை. நாள் கணக்கில் மட்டும் 3 மணி. ஆகவே இரட்டைச் சம்பளத்துக்கு 3 மணி.

"ஆகஸ்ட் 17 முதல் 23 வரை இரண்டு நாள் 10 மணி, நான்கு நாள் 8 மணி. மொத்தம் 52. வாரக் கணக்கில் 4 மணி. கடைசி வாரத்தில் ஓ.டி. இல்லை. 6, 3, 4 ஆக மொத்தம் 13 மணி."

சுதந்திர தினத்துக்குச் சம்பளம் உண்டு, அதில் கைவைக்கவில்லை. தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் அதற்கு உத்தரவாதம் தருகிறது. ஆனால் சம்பளம் கிடைத்த நாள் வேறு, வேலை செய்த மணி வேறு. 48 மணி என்ற அளவுகோல் வேலை செய்த மணியைத்தான் எண்ணுகிறது. சொந்தக் காரணத்துக்கு லீவு எடுத்த வாரத்திலும் இதே கதைதான். யூனியன் ஒப்பந்தம் போட்ட சில ஆலைகளில் சம்பளத்தோடு கூடிய விடுமுறையையும் வேலை நாளாகவே வைத்து ஓ.டி. கணக்கிடுவார்கள். அது ஒப்பந்தம் தரும் சலுகை, சட்டம் தருவதல்ல. அப்படி ஒரு ஷரத்து தன் ஆலையில் இருக்கிறதா என்று ஆபரேட்டர் யூனியன் நோட்டீஸ் போர்டில் பார்த்துக்கொள்வது நல்லது.

நாள் கணக்கையும் வாரக் கணக்கையும் சேர்த்துக் கூட்டக்கூடாது. முதல் வாரத்தில் 3-ஐயும் 6-ஐயும் கூட்டி 9 மணி கேட்பவர்கள் உண்டு. அந்த மூன்று மணி ஏற்கெனவே ஆறுக்குள் இருக்கிறது. ஒரே மணிக்கு இரண்டு தடவை டபுள் வராது. அதேபோல் நிர்வாகமும் நாள் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு 'மூன்றுதான்' என்று முடித்துவிடக் கூடாது. வாரக் கணக்கைப் போடாத சாப்ட்வேரில் முதல் வாரமும் மூன்று மணியாகவே நின்றிருக்கும், ஆபரேட்டருக்குச் சந்தேகமும் வந்திருக்காது. இரண்டு வாரமும் ஒரே எண்ணாக இருந்திருந்தால்தான் உண்மையில் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்!

சரி, அந்தக் காணாமல்போன மூன்று மணி? இரண்டாம் வாரத்தில் ஒவ்வொரு நாளும் எட்டாவது மணிக்கும் ஒன்பதாவது மணிக்கும் இடையில் அவர் நின்ற ஒரு மணி நேரம், மூன்று நாளுக்கு மூன்று மணி. சட்டத்தின் எந்த வாசலையும் அது தாண்டவில்லை, ஆகவே டபுள் இல்லை. ஆனால் அவருடைய நியமன ஆணையில் ஷிஃப்ட் 8 மணி நேரம் என்றுதான் எழுதியிருக்கிறது. மாதச் சம்பளம் அந்த எட்டு மணிக்கானது. ஒன்பதாவது மணியை இனாமாக வாங்க முடியாது. அதற்குச் சாதாரண விகிதத்திலாவது கூலி உண்டு. ஷாப் ஃப்ளோரில் இதைத்தான் 'சிங்கிள் ஓ.டி.' என்பார்கள். ஆகஸ்ட் சீட்டில் இந்த மூன்று மணி எந்தப் பெயரிலும் இல்லை. "இதை நாங்கள் விட்டுவிட்டோம்" என்று அதிகாரி எழுதியிருக்கிறார்.

இனி ரூபாய்க்கு வருவோம். இங்கேதான் பெரிய தவறு.

ஆபரேட்டரின் மாதச் சம்பளம் இது: அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,520 ரூபாய், வீட்டு வாடகைப்படி 5,200, போக்குவரத்துப்படி 2,080. மொத்தம் 20,800. இதை ஒரு மணி நேரக் கூலியாக மாற்ற எதால் வகுப்பது? மாதத்தில் 26 வேலை நாள், நாளுக்கு 8 மணி, ஆக 208 மணி. சில கம்பெனிகள் 30 நாளை எட்டால் பெருக்கி 240 ஆல் வகுக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்துத்தானே மாதச் சம்பளம் என்பது அவர்கள் வாதம். தொழிற்சாலைகள் சட்டம் வகுக்கும் எண்ணை வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் பணிக்கொடைச் சட்டம் மாதச் சம்பளத்தை 26 ஆல் வகுக்கவேண்டும் என்று எழுத்திலேயே சொல்கிறது. குறைந்தபட்சக் கூலி அறிவிக்கைகளிலும் அதே 26 தான். ஒரு மாதச் சம்பளத்தை ஆள் சம்பாதிப்பது உழைக்கிற 26 நாளில்தான் என்பதால் இதுவே நியாயமான எண். 240 ஆல் வகுத்தால் நம் ஆபரேட்டருக்கு மணிக்குப் பதின்மூன்று ரூபாய்க்கு மேல் குறையும். டபுளில் அது இருபத்தாறு.

நல்லவேளை, இந்தத் தொழிற்சாலை 208 ஆல்தான் வகுத்திருந்தது. எதை வகுத்தது என்பதில்தான் சறுக்கல். சம்பளக் கணக்கு ஷீட்டில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்த 13,520-ஐ மட்டும் எடுத்திருக்கிறார்கள். மணிக்கு 65 ரூபாய், டபுள் 130 ரூபாய். பதின்மூன்று மணிக்கு 1,690. சீட்டில் இருந்த தொகை இதுதான்.

அந்த ஷீட்டை எழுதியவர் பி.எஃப். கணக்கிலிருந்து பழக்கதோஷத்தில் அந்த எண்ணை எடுத்திருக்கலாம். பி.எஃப்.புக்கு அடிப்படையும் பஞ்சப்படியும்தான் பிரதானம், வீட்டு வாடகைப்படி அதில் சேராது. ஆனால் ஓ.டி.க்கு 59-வது பிரிவே தனி அளவுகோல் வைத்திருக்கிறது. சாதாரணக் கூலி விகிதம் என்றால் அடிப்படைச் சம்பளமும், தொழிலாளிக்கு அப்போது உரிமையுள்ள படிகளும் சேர்ந்தது. வெளியே நிற்பவை போனஸும் ஓ.டி. சம்பளமும் மட்டும்தான். வாடகைப்படியும் போக்குவரத்துப்படியும் மாதாமாதம் உரிமையாக வருகிற படிகள். அவற்றை வெட்டுவதற்கு அந்தப் பிரிவில் இடமில்லை.

இது ஏட்டளவு வாதம் அல்ல. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில், ராணுவ டாங்குகள் செய்கிற அதே இடத்தில், இதே கேள்வி பெரிய வழக்காகவே நடந்தது. வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி, சீருடைச் சலவைப்படி போன்றவற்றை ஓ.டி. கணக்கிலிருந்து விலக்கி மத்திய அமைச்சகங்கள் சுற்றறிக்கைகள் விட்டிருந்தன. ஊழியர் சங்கம் எதிர்த்தது. சென்னை உயர் நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது, உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. சட்டம் 'படிகள்' என்று சொல்லியிருக்கும்போது ஒரு சுற்றறிக்கை அதைச் சுருக்க முடியாது என்பதுதான் சாரம். அரசின் சுற்றறிக்கைக்கே அந்த அதிகாரம் இல்லையென்றால், ஒரு தனியார் கம்பெனியின் எக்செல் ஷீட்டுக்கு எங்கிருந்து வரும்?

அதிகாரி தவறிய ஃபார்முலாவையும் திருத்திய ஃபார்முலாவையும் அப்படியே மின்னஞ்சலில் ஒட்டியிருக்கிறார். முதல் வரி சீட்டில் போனது, அடுத்த இரண்டும் போயிருக்க வேண்டியவை:

```
=(13520/208)*2*13
=(20800/208)*2*13
=(20800/208)*1*3
```

முதல் வரிக்கு விடை 1,690. இரண்டாவதுக்கு 2,600. மூன்றாவது, அந்தச் சிங்கிள் ஓ.டி., 300. ஆக வரவேண்டியது 2,900 ரூபாய். வந்தது போக மீதி 1,210. செல்போனில் கால்குலேட்டர் வைத்திருக்கிற யாரும் ஒரு நிமிடத்தில் போட்டுப் பார்த்துவிடலாம். எழுதியவர் முதலில் போட்டுப் பார்த்ததால்தான் தவறே வெளிவந்தது என்பதையும் சொல்லவேண்டும். 'பாலிசிப்படி சரி' என்று பதில் எழுத ஷீட்டைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. படிப்படியாக எழுதவேண்டும் என்றால் 65 எங்கிருந்து வந்தது என்று எழுதியாக வேண்டும். அந்த இடத்தில் கை நின்றுவிடும்.

பிடித்தம் பற்றியும் இரண்டு வரி இருக்கிறது. நிலுவைத் தொகைக்கு பி.எஃப். பிடிக்க மாட்டார்கள், ஓ.டி. சம்பளம் அதில் சேராது. இ.எஸ்.ஐ. மட்டும் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், இங்கே அது பத்து ரூபாய் அளவில் வரும். ஓ.டி.யால் ஒரு மாதச் சம்பளம் 21,000-ஐத் தாண்டிவிட்டால் இ.எஸ்.ஐ. போய்விடுமோ என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த உச்சவரம்பைப் பார்க்கும்போது ஓ.டி.யை விலக்கிவிட்டுத்தான் பார்க்கவேண்டும், ஆகவே பயம் வேண்டாம்.

ஆபரேட்டரின் டைரியில் இருந்த 20 மணி இப்போது முழுதாகக் கணக்குக்கு வந்துவிட்டது. பதின்மூன்று டபுள், மூன்று சிங்கிள், நான்கு சாப்பாட்டு நேரம். அவருடைய 200 ரூபாய் விகிதம் சரி, மணிகள் அதிகம். கம்பெனியின் 13 மணி சரி, விகிதம் தவறு. இரண்டு பக்கமும் பாதிப் பாதி சரியாக இருந்ததால், கத்திப் பேசியிருந்தால் இரண்டு பக்கமும் கடைசிவரை தான் சொன்னதே சரி என்று நின்றிருக்கும்.

இந்தக் கணக்குக்கு ஒரு காலாவதித் தேதி உண்டு. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில் இப்போது இருப்பது பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய சட்டத்தொகுப்பு. ஓ.டி.க்கு இரட்டைக் கூலி என்பது அதிலும் அப்படியே நிற்கிறது. நாள் கணக்கு, வாரக் கணக்கு இரண்டில் தொழிலாளிக்கு எது சாதகமோ அது என்பதை இந்தத் தடவை வாயைத் திறந்தே சொல்லியிருக்கிறார்கள். ஓ.டி. செய்யத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்பதும் எழுத்தில் வந்திருக்கிறது. நாள் வேலை நேரம் 8 மணி என்று போட்டிருப்பதால் அந்த ஒன்பதாவது மணியின் குழப்பமும் குறையவேண்டும். எட்டு மணியை நாள் வாசலாக வைத்தால் சுதந்திர தின வாரத்துக்கும் ஆறு மணி டபுள் வரும். மொத்தம் 16 மணி.

ஆனால் ஒரு கையில் கொடுத்ததை மறு கையில் எடுக்கிற இடமும் இருக்கிறது. 'கூலி' என்பதற்குப் புதிய வரையறை: அடிப்படை, பஞ்சப்படி, தக்கவைப்புப்படி. வீட்டு வாடகைப்படியும் போக்குவரத்துப்படியும் வெளியே. இப்படி வெளியே வைக்கிறவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டும் திரும்பக் கூலிக்குள் வந்துவிடும். நம் ஆபரேட்டருக்கு அவை பாதிக்குள் அடங்கிவிடுகின்றன, ஆகவே எதுவும் திரும்ப வராது. அந்த வரையறையை அப்படியே வைத்துப் போட்டால் அவருடைய மணிக்கூலி 65, டபுள் 130. ஆகஸ்டில் தவறாக இருந்த அதே எண்! 16 மணிக்கு 2,080 ரூபாய். பழைய சட்டப்படி கிடைக்கும் 2,900-ஐ விட 820 ரூபாய் குறைவு. மணிகள் கூடியும் பணம் குறைகிறது. ஆவடித் தொழிலாளர்கள் இத்தனை வருடம் வழக்காடி வென்ற படிகளை ஒரு வரையறை மெல்ல வாங்கிக்கொண்டுவிட்டது என்பதே இந்தக் கட்டுரையின் கருத்து. ஒப்பந்தப்படி ஏற்கெனவே மொத்தச் சம்பளத்தில் ஓ.டி. தருகிற ஆலைகளில், அதைக் குறைக்க விடாமல் பார்த்துக்கொள்வது யூனியன்களின் அடுத்த வேலையாக இருக்கும்.

ஆகவே நிலுவை கேட்பவர்கள் முதலில் பார்க்கவேண்டியது மாதத்தை. 2025 நவம்பர் 21-க்கு முந்தைய வேலைக்குப் பழைய சட்டத்தின் அளவுகோல், படிகளும் சேரும். அதற்குப் பிந்தைய வேலைக்குப் புதிய வரையறை. இரண்டையும் கலந்து 'இப்போது சட்டம் மாறிவிட்டது, பழைய மாதத்துக்கும் இதுதான்' என்று யாராவது சொன்னால் ஏற்கவேண்டியதில்லை. மணிக்கணக்கு சரியா என்று பார்க்க உங்கள் பஞ்ச் பதிவின் நகலைக் கேளுங்கள். மணிக்கூலி சரியா என்று பார்க்க, சீட்டிலுள்ள ஓ.டி. தொகையை மணிகளால் வகுத்து, பிறகு இரண்டால் வகுத்து, கடைசியில் 208 ஆல் பெருக்குங்கள். வருகிற எண், கம்பெனி எந்தச் சம்பளத்தை அடிப்படையாக எடுத்தது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆபரேட்டரின் 1,690-ஐ அப்படிச் செய்தால் நேராக 13,520-இல் வந்து நிற்கும்.

அதிகாரியின் மின்னஞ்சல் இப்படி முடிகிறது:

"1,210 ரூபாய் செப்டம்பர் சம்பளத்தோடு சேரும். சீட்டில் 'ஆகஸ்ட் ஓ.டி. நிலுவை' என்று தனி வரியாக வரும், மற்ற தொகையோடு கலக்காது. இதே ஷீட்டில்தான் உங்கள் ஷிஃப்டில் உள்ள எல்லோருக்கும் ஓ.டி. போடப்பட்டது. ஆகவே அவர்களுக்கும், முந்தைய மாதங்களுக்கும் சேர்த்து மறுபடி கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். உங்கள் டைரியில் ஜூலைக் கணக்கும் இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்."